ஊரில் இருக்கும் கேமராவை வெளியூரில் இருந்து பார்க்க ஸ்டேடிக் ஐபி வேண்டுமா?

கேள்வி: மதுரை திருநகர் வீட்டில் அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கிறார்கள். நான்கு கேமராவும் ஒரு டிவிஆரும் போட்டோம். பெங்களூரில் இருந்து பார்ப்பதற்காகக் கேமரா போட்டவர் ரூட்டரில் போர்ட் திறந்து வைத்திருக்கிறார். பாஸ்வேர்ட் அவர் வைத்ததுதான், admin, 12345. ஐபி அடிக்கடி மாறுவதால் மாதாமாதம் பணம் கட்டி ஸ்டேடிக் ஐபி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம். அந்தப் போர்ட்டையும் மூடச் சொல்லுங்கள். பெங்களூரில் நீங்கள் வீட்டு ஐபியை அடித்தால் வரும் லாகின் பக்கம், எந்த ஊரில் யார் அடித்தாலும் வரும். திறந்த போர்ட்டைத் தேடி, கம்பெனியிலிருந்தே வரும் admin, 12345 போன்ற பாஸ்வேர்டைப் போட்டுப் பார்ப்பதற்கென்றே புரோகிராம்கள் இணையத்தில் இரவும் பகலும் ஓடுகின்றன. 2016இல் மிராய் என்ற வைரஸ் கேமராக்களிலும் டிவிஆர்களிலும் பரவியது இந்த வழியில்தான். பாஸ்வேர்டை மட்டும் மாற்றினால் போதாதா என்றால், போதாது. பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடும் ஓட்டைகள் சில டிவிஆர் சாஃப்ட்வேரில் இருந்திருக்கின்றன.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இதைச் செய்யுங்கள். ரூட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்து (பெரும்பாலும் 192.168.1.1) Port Forwarding அல்லது Virtual Server பகுதியில் டிவிஆருக்காகப் போட்டதை அழியுங்கள். UPnP என்று ஒன்று இருக்கும், அதையும் நிறுத்துங்கள். டிவிஆரின் நெட்வொர்க் மெனுவிலும் அது இருந்தால் அங்கேயும் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் மூடியதை டிவிஆர் தானாகத் திறந்துகொள்ளக்கூடும். ரூட்டரின் பாஸ்வேர்டும் admin ஆகவே இருக்கலாம், அதையும் மாற்றிவிடுங்கள். முடித்ததும் போனில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் வீட்டு ஐபியையும் பழைய போர்ட் எண்ணையும் அடித்துப் பாருங்கள். எதுவும் திறக்கக் கூடாது.

அப்புறம் எப்படிப் பார்ப்பது? டிவிஆர் கம்பெனியின் ஆப்பில்தான். டிவிஆர் மெனுவில் P2P அல்லது கிளவுட் என்பதை ஆன் செய்து, அங்கே வரும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் போதும். டிவிஆரே வெளியே போய்க் கம்பெனி சர்வரோடு தொடர்பு வைத்துக்கொள்வதால் ரூட்டரில் எதையும் திறக்க வேண்டியதில்லை, ஐபி மாறினாலும் கவலையில்லை. ஆனால் அந்தக் கம்பெனியை நம்ப வேண்டியிருக்கும். அதனால் படுக்கையறையில் கேமரா வேண்டாம். டிவிஆருக்கு ஒரு நீளமான பாஸ்வேர்ட், ஆப் கணக்குக்கு வேறொன்று. கம்பெனி அப்டேட் கொடுத்தால் போட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: போட்டுக் கொடுப்பவர் சோதித்துப் பார்க்கத் தன் போனிலேயே டிவிஆரைச் சேர்த்துவிடுவார். பல ஆப்களில் முதலில் சேர்த்தவர்தான் உரிமையாளர். நீங்கள் ஸ்கேன் செய்யும்போது ‘ஏற்கெனவே வேறு கணக்கில் உள்ளது’ என்று வந்தால் விஷயம் இதுதான். அவரை எதிரில் உட்கார வைத்து அவர் கணக்கிலிருந்து நீக்கச் சொல்லுங்கள். அப்பாவுக்கு உங்கள் கணக்கிலிருந்து பார்க்க மட்டும் அனுமதி கொடுத்தால் போதும். கேமரா போட்டவருக்குப் பாக்கி ஏதும் இருந்தால், இதெல்லாம் முடிந்த பிறகு கொடுங்கள்.