"அப்பா வேண்டாம்!": வாசகர் கேள்விகளும் பதில்களும்

"எங்க வீட்டுக்காரர் சவூதியில இருந்து பத்து மாசம் கழிச்சு 40 நாள் லீவுல வந்திருக்காக. ரெண்டு வயசு மகன் அவுக தூக்கப் போனாலே என் சேலைக்குள்ள ஒளிஞ்சுக்கிடுதான். வீடியோ கால்ல நல்லா சிரிச்சுப் பேசுவான். இப்ப ஏன் இப்படி?" (அம்பாசமுத்திரம்)

போனில் அவன் பார்த்தது முகத்தை மட்டும். பயந்தபோதும் தூக்கம் வந்தபோதும் தூக்கி ஆற்றியவர் நீங்கள்தான். அதனால் பதற்றம் வந்தால் உங்களிடம் ஓடுகிறான், அப்பாவை வெறுக்கவில்லை. 1964-இல் வெளிவந்த ஸ்காட்லாந்து ஆய்வொன்றில், கிளாஸ்கோ நகரின் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். நாள் முழுக்க கூடவே இருந்தவரைவிட, அழுகையைப் புரிந்து உடனே கவனித்தவரிடமே பிள்ளைகள் அதிகம் ஒட்டின. ஆகவே 40 நாள் ஒன்றும் குறைவில்லை.

முதல் சில நாள் அவர் தூக்கவே வேண்டாம். நீங்கள் பக்கத்தில் இருக்க, அவர் கைக்கெட்டும் தூரத்தில் தரையில் உட்கார்ந்து ஒரு பந்தை உருட்டிக்கொண்டிருக்கட்டும். பிள்ளை தானாக வந்து எதையாவது நீட்டுவான். வாங்கித் திருப்பிக் கொடுத்தால் போதும், அந்தச் சந்தோஷத்தில் வாரி அணைத்துவிடக் கூடாது. (பத்து மாதமாகக் காத்திருந்த தகப்பனுக்கு இதுதான் கஷ்டம்.)

பிறகு தினமும் ஒரு வேலை அப்பாவுடையதாகட்டும். சாயங்காலம் வாய்க்கால் கரைவரை நடை என்று வையுங்கள். சில நாள் நீங்களும் போங்கள். அப்புறம், "அம்மா வீட்டுலதான் இருப்பேன், போயிட்டு வா" என்று சொல்லி வாசலில் நின்றுவிடுங்கள். அழுவான். கொஞ்ச நேரத்தில் அடங்கி ஆட்டையோ மாட்டையோ வேடிக்கை பார்த்தால் தொடரலாம். அழுகை ஏறிக்கொண்டே போனால் திரும்பிவிட்டு, மறுநாள் தெருமுனையோடு நிறுத்துங்கள். முதல் சத்தத்துக்கே நீங்கள் ஓடிவந்து பிடுங்கினால், அப்பா கையில் இருப்பது ஆபத்து என்றுதான் அவனுக்குப் படும்.

தூங்கவைப்பதைக் கடைசியாக மாற்றுங்கள். லீவு முடியும்போது ராத்திரியில் சொல்லாமல் கிளம்ப வேண்டாம். அடுத்த லீவிலும் கொஞ்சம் முரண்டு பிடிப்பான்.

"ஒன்றே முக்கால் வயது மகள் ராத்திரி அப்பாதான் வேண்டும் என்று என்னைத் தள்ளிவிடுகிறாள். நான் வேலைக்குப் போவதாலா?" (பாளையங்கோட்டை)

வேலைக்குப் போகாத அம்மாக்களும் இதே கேள்வியை அனுப்புகிறார்கள். இந்த வயதில் பழகிய வரிசை மாறினாலே பிள்ளைக்குப் பிடிக்காது. கூடவே, தானே தேர்ந்தெடுக்கும் ஆசையும் வந்துவிடும். வாரத்தில் இரண்டு ராத்திரி அவர் சொல்லிவிட்டு வெளியே போகட்டும். அதே பாட்டு, அதே விளக்கு, நீங்கள். பக்கத்து அறையில் அவர் குரல் கேட்டால் நடக்காது. காய்ச்சல் நாளில் மட்டும் விட்டுக்கொடுங்கள்.

"ஆச்சி எல்லார் முன்னாலயும் 'அப்பனப் பிடிக்குமா, அம்மையப் பிடிக்குமா'ன்னு கேக்காக. தப்பா?" (தென்காசி)

தப்புதான். சொல்லும் பதிலுக்கு எல்லாரும் சிரிப்பதால் பிள்ளை அதையே திரும்பச் சொல்லும். "ஆச்சி, சோறு ஊட்டுங்க" என்று பேச்சை மாற்றுங்கள்.

"எப்போது டாக்டரிடம் காட்ட வேண்டும்?" (வள்ளியூர்)

நன்றாக ஒட்டியிருந்த ஒருவரைக் கண்டு திடீரென நடுங்கினால், முதலில் என்ன நடந்தது என்று விசாரியுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள். ஒன்றரை வயதாகியும் யாரையும் தேடாமல், பேர் சொன்னால் திரும்பாமல், விரலால் எதையும் காட்டாமல் இருந்தால் தள்ளிப்போடாமல் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.