கேள்வி-பதில்: பூட்டு, பதிவேடு, பழைய சீட்டு

கேள்வி: ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளை ஹெச்1 மருந்துகளோடு ஒரே அலமாரியில் வைக்கலாமா? தனியாகப் பூட்ட இடமில்லை.

பதில்: கூடாது. இரண்டும் சீட்டில்லாமல் விற்கக்கூடாத மருந்துகளின் பட்டியல்கள்தான், ஆனால் எக்ஸுக்குக் கட்டுப்பாடு அதிகம். எக்ஸ் மருந்துக்கென்றே ஒதுக்கிய, பூட்டும் அலமாரியோ இழுப்பறையோ வேண்டும். இல்லையென்றால் பொறுப்பானவர்கள் மட்டும் நுழையக்கூடிய, தடுத்துப் பிரித்த பகுதி வேண்டும். அதற்கு முன் ஒன்று: எக்ஸ் மருந்து விற்பதற்கான 20எஃப் உரிமம் வாங்கியிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அது இல்லாமல் மெதில்ஃபெனிடேட் போன்ற எக்ஸ் மருந்து ஓர் அட்டைகூட உங்கள் கடைக்குள் வரக்கூடாது.

கேள்வி: பதிவேடுகளை எத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும்?

பதில்: ஹெச்1 பதிவேடு 3 ஆண்டு. எக்ஸ் மருந்துக்குச் சீட்டு இரண்டு பிரதியாக வரவேண்டும். அதில் ஒன்று உங்களிடம் 2 ஆண்டு இருக்கவேண்டும். வழக்கமாகச் சொல்வதுதான்: எழுதிவிட்டுக் கொடுங்கள், கொடுத்துவிட்டு எழுதாதீர்கள்.

கேள்வி: பத்து வருடமாக வரும் வாடிக்கையாளர். அல்பிரசோலம் சீட்டு பழையதுதான், ஆனால் ஆள் தெரிந்தவர். கொடுத்தால் என்ன தப்பு?

பதில்: மாதம் நான்கு பேராவது இதைக் கேட்கிறீர்கள். "ஆள் தெரிந்தவர்" என்று எந்த விதியிலும் இல்லை.

மருத்துவர் மறுபடி கொடுக்கலாம் என்று எழுதாதவரை ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. எழுதியிருந்தால் அவர் சொன்ன தடவை, சொன்ன இடைவெளி. கொடுத்ததும் கடையின் பெயர், முகவரி, தேதியைச் சீட்டில் குறித்துவிட வேண்டும். இந்தக் குறிப்பைப் போடாமல் விடுவதுதான் எல்லா வம்புக்கும் வாசல். வெறும் சீட்டு அடுத்த தெருக் கடையில் புதுச் சீட்டாகிவிடும்.

நான் பார்த்த ஒரு கடையில் நடந்தது. மாதத் தொடக்கத்தில் அல்பிரசோலம் கையிருப்பு 80 மாத்திரை, அந்த மாதம் வாங்கியது 50, ஆக 130. ஹெச்1 பதிவேட்டில் நான்கு வரிகள்: 10, 10, 15, 10. விற்றது 45 என்றால் 85 இருக்கவேண்டும். அலமாரியில் எண்ணினால் 65. இருபது மாத்திரை எங்கே? பத்து நாளைக்கு இரவில் ஒன்று என்று எழுதிய ஒரே சீட்டோடு ஒருவர் மூன்று தடவை வந்திருக்கிறார். முதல் தடவை பதிவாகியிருக்கிறது. அடுத்த இரண்டு தடவையும் கடைப் பையன் அட்டையை எடுத்துக் கொடுத்து, காசை வாங்கிக் கல்லாவில் போட்டிருக்கிறான். முதலாளிக்குத் தெரியவே தெரியாது. மருந்து ஆய்வாளர் செய்வதும் இதே கணக்குதான்: கொள்முதல் பில் ஒரு கையில், பதிவேடு மறு கையில். அவர் வருவதற்கு முன் வாரம் ஒருமுறை நீங்களே எண்ணினால் என்ன?

இன்னொன்று. மாதக்கணக்கில் தினமும் அல்பிரசோலம் போட்டவர் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். அதனால் "இல்லை, போ" என்று விரட்டாதீர்கள். மருத்துவரை அன்றே பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் நீங்களே அவருக்குப் போன் செய்து பேசுங்கள். புதுச் சீட்டு வந்ததும் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் பதிவேட்டில் ஏறட்டும். எழுதிவிட்டுக் கொடுங்கள்.

கேள்வி: டிரமடால் வெறும் ஹெச்1 மருந்துதானே? போதைப்பொருள் சட்டத்தை ஏன் இழுக்கிறார்கள்?

பதில்: 2018 ஏப்ரலில் அது போதைப்பொருள் சட்டத்தின் மனமயக்கப் பொருட்கள் பட்டியலில் சேர்ந்துவிட்டது. இரண்டு சட்டமும் பொருந்தும். அட்டையில் அதைக் காட்டும் NRx குறி இருப்பதைப் படித்துவிட்டுக் கடிதம் எழுதியிருக்கலாம்.

கேள்வி: அம்மாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் சீட்டோடு ஆறு கடை ஏறி இறங்கிவிட்டேன். எல்லோரும் இல்லை என்கிறார்கள்.

பதில்: அவர்களைக் கோபித்துப் பயனில்லை, சாதாரணக் கடைகள் பெரும்பாலும் அதை வைப்பதில்லை. 2014 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு மார்ஃபின், ஃபென்டனில் உள்ளிட்ட ஆறு மருந்துகள் 'அத்தியாவசிய போதை மருந்துகள்'. மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் இவற்றை வைத்திருந்து நோயாளிகளுக்குக் கொடுக்கலாம். அம்மாவைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவரிடம், அங்கீகாரம் பெற்ற வலிநிவாரணப் பிரிவு பக்கத்தில் எது என்று கேளுங்கள். அலைவது அங்கேயே முடிந்துவிடும்.

கேள்வி: மூன்று மாதத்துக்கான தூக்க மாத்திரையோடு பயணம் போகலாமா?

பதில்: உள்நாட்டில், சொந்த உபயோகத்துக்கு ஒரு சமயத்தில் 100 மாத்திரை வரை. நீண்டகாலச் சிகிச்சை என்று மருத்துவர் குறிப்பாக எழுதித் தந்திருந்தால் 300 வரை. சீட்டைப் பெட்டியில் போடாமல் கையோடு வைத்திருங்கள்.