ஒரே கம்பெனி, இரண்டு தடவை வாங்கிய பங்கு: விற்றால் எவ்வளவு வரி?

கேள்வி: ஒரு கம்பெனியின் பங்குகளை 2024 செப்டம்பர் 12-ல் 500 ரூபாய்க்கு 400-ம், 2025 மார்ச் 10-ல் 700 ரூபாய்க்கு 200-ம் வாங்கினேன். இப்போது, 2026 ஜனவரியில், விலை 1,000 ரூபாய். வீட்டு வேலைக்காக மே மாதத்துக்குள் 500 பங்குகளை விற்க வேண்டும். விலை கூடுதலாகக் கொடுத்து வாங்கிய 200-ஐ முதலில் விற்றதாகக் காட்டினால் லாபம் குறையும் அல்லவா? சம்பளம் 9 லட்சம், புதிய வரி முறை. 12 லட்சம் வரை வரி இல்லை என்கிறார்களே, அப்படியானால் எனக்கு வரியே வராதா? (வாசகர், ஈரோடு)

பதில்: எந்தப் பங்கை விற்றேன் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒரு டீமேட் கணக்கில் முதலில் வந்த பங்குதான் முதலில் வெளியே போனதாக வருமான வரித் துறை எடுத்துக்கொள்ளும். அதனால் 500 விற்றால், 2024-ல் வாங்கிய 400-ம், 2025-ல் வாங்கியதில் 100-ம் விற்றதாகக் கணக்கு. ஆப்பில் தெரியும் சராசரி விலையையும் இதற்கு நம்ப வேண்டாம். உங்களுக்கு அது சுமார் 567 ரூபாய் என்று காட்டும். அதை வைத்துப் போட்டால் லாபம் 2.17 லட்சம்தான் வரும். உண்மையான லாபம் 2.30 லட்சம்.

இனி எத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்பதைப் பார்க்க வேண்டும். சந்தையில் பட்டியலிடப்பட்ட பங்கை 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபம் நீண்ட காலக் கணக்கில் வரும். ஓர் ஆண்டில் 1.25 லட்சம் வரை வரி கிடையாது, அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாதமோ அதற்குக் குறைவோ என்றால் குறுகிய காலம். முதல் ரூபாயிலிருந்தே 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இதுதான் விகிதம். நாட்களை, புரோக்கர் அனுப்பும் கான்ட்ராக்ட் நோட்டில் உள்ள தேதியிலிருந்து எண்ணுங்கள். சரியாக ஓர் ஆண்டு முடியும் அதே தேதியில் விற்று வம்பை வாங்காமல், ஓரிரு நாள் தள்ளியே விற்கலாம்.

இன்றே 500-ஐயும் விற்றால் என்ன ஆகும்? முதல் 400-ல் லாபம் 2 லட்சம், நீண்ட காலம். 1.25 லட்சம் போக 75,000-க்கு வரி 9,375 ரூபாய். அடுத்த 100-க்கு இன்னும் ஓர் ஆண்டு ஆகவில்லை. 30,000 லாபத்துக்கு 6,000. இரண்டுக்கும் 4 சதவீத செஸ் சேர்த்தால் 15,990 ரூபாய். லாபத்தில் சின்னப் பகுதியான 30,000 எவ்வளவு வரியை இழுக்கிறது பாருங்கள்.

அந்த 12 லட்சக் கதை இங்கே உதவாது. அந்தத் தள்ளுபடி சம்பளம் போன்ற வருமானத்தின் வரிக்குத்தான். பங்கு விற்ற லாபத்துக்குத் தனி விகிதம் என்பதால் அந்த வரி அப்படியே நிற்கும். சம்பளத்துக்கு வரி பூஜ்யம், பங்குக்கு 15,990 என்று வருவதைப் பார்த்துப் பலர் ஜூலையில் அதிர்ச்சி அடைகிறார்கள்.

உங்களுக்குப் பணம் மே மாதம்தானே தேவை? அப்படியானால் 250 பங்குகளை மார்ச் மாதம் முடிவதற்குள் விற்றுவிடுங்கள். அவை எல்லாம் 2024-ல் வாங்கியவை. லாபம் சரியாக 1.25 லட்சம், வரி இல்லை. விலை கொஞ்சம் கூடியிருந்தால் சில பங்குகளைக் குறைத்து விற்றால் போதும். மீதி 250-ஐ ஏப்ரலில் விற்கலாம். அது புதிய நிதியாண்டு, 1.25 லட்ச வரம்பு மறுபடி முழுதாகக் கிடைக்கும். அதற்குள் இரண்டாவது தடவை வாங்கியவற்றுக்கும் ஓர் ஆண்டு தாண்டிவிடும். இன்றைய விலையே இருந்தால் அந்த லாபம் 75,000-ம் 30,000-ம் சேர்ந்து 1.05 லட்சம், வரி அங்கேயும் இல்லை. ஆனால் அடுத்த ஆண்டு வரம்பில் பெரும்பகுதி இதிலேயே தீர்ந்துவிடும், அந்த ஆண்டில் வேறு பங்கு விற்பதாக இருந்தால் நினைவிருக்கட்டும்.

சரி, காத்திருப்பதில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. மிச்சமாகும் 15,990 ரூபாயை 250 பங்குகளுக்குப் பிரித்தால் பங்குக்கு 64 ரூபாய். ஏப்ரலில் விலை 936-க்குக் கீழே போனால், வரி கட்டிவிட்டு இன்றே எல்லாவற்றையும் விற்றிருந்ததைவிட உங்கள் கைக்குக் குறைவாகவே வரும். ஆறு சதவீத இறக்கம் ஒரு பங்குக்குப் பெரிய விஷயம் இல்லை. கம்பெனியின் காலாண்டு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் இரண்டே நாளில் நடக்கும். என்னைக் கேட்டால் இன்று 250 விற்பதில் யோசிக்க ஒன்றுமில்லை. மீதியை அந்தக் கம்பெனி மேல் உங்களுக்கு இருக்கும் நம்பிக்கையை வைத்து முடிவு செய்யுங்கள், வரியை மட்டும் வைத்து அல்ல.

இப்படிப் பிரித்து விற்றால் ரிட்டர்னும் சுலபம். நீண்ட கால லாபம் 1.25 லட்சத்தைத் தாண்டாத சம்பளக்காரர் ஐடிஆர்-1 படிவத்திலேயே அதைக் காட்டலாம். குறுகிய கால லாபம் ஒரு ரூபாய் இருந்தாலும் ஐடிஆர்-2 நிரப்ப வேண்டும்.