முதுகுக்கு முன்னால் கை தளர்கிறது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எனக்கு வயது 38, எடை 76 கிலோ. திங்கள், புதன், வெள்ளி ஜிம்முக்குப் போகிறேன். டெட்லிஃப்டில் 110 கிலோவை ஐந்து முறை எடுக்க முயன்றால் நான்காவது முறையிலேயே பார் விரல்களிலிருந்து நழுவுகிறது. முதுகிலும் காலிலும் வலு மிச்சம் இருப்பதாகத் தோன்றுகிறது. பிடிக்கென்று தனியாக ஒரு நாள் ஒதுக்க வேண்டுமா, அண்ணா? — சாட்ஸ்வொர்த் வாசகர்

தனி நாள் வேண்டாம். வலு மிச்சம் இருப்பதாகத் தோன்றுகிறது என்கிறீர்கள் அல்லவா, அதை முதலில் சோதித்துப் பாருங்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அதே 110 கிலோவை மணிக்கட்டையும் பாரையும் பிணைக்கும் ஸ்ட்ராப் கட்டி எடுங்கள். ஆறு, ஏழு முறை சுலபமாக வந்தால் குறை பிடியில்தான். ஸ்ட்ராப் கட்டியும் ஐந்தாவதில் முதுகு வளைந்தால், பிடியைக் குறை சொல்லிப் பயனில்லை; எடையைக் குறைத்து முதுகைக் கவனிக்க வேண்டும். என்னிடம் பிடி போதவில்லை என்று வருகிறவர்களில் சிலருக்கு இந்த ஒரு சோதனையோடு கதை முடிந்துவிடுகிறது.

குறை பிடியில்தான் என்று வைத்துக்கொள்வோம். பாரை எங்கே வைத்துப் பிடிக்கிறீர்கள் என்று பாருங்கள். உள்ளங்கையின் நடுவில் வைத்தால் எடை ஏறியதும் அது உருண்டு விரல்களுக்கு இறங்கும். இறங்கும்போது தோலை மடித்துக் காய்ப்பையும் கிழிக்கும். விரல்கள் உள்ளங்கையோடு சேரும் ரேகையிலேயே தொடக்கத்தில் பிடித்துவிட்டால் உருள இடமில்லை. மணிக்கட்டு உள்பக்கம் மடியவும் கூடாது. இப்போதே மணிக்கட்டை உள்ளே மடக்கிக்கொண்டு கையை இறுக மூடிப் பாருங்கள், வலு பாதியாகிவிடும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் விரலுக்குப் போகின்றன. மணிக்கட்டு மடிந்தால் அந்த நாண்கள் தளர்ந்துவிடும்.

இனி சுமை நடை. கெட்டில்பெல் என்னும் கைப்பிடி வைத்த இரும்புக் குண்டை இரண்டு கைகளிலும் தூக்கிக்கொண்டு நேராக நடப்பது, அவ்வளவுதான். உங்கள் எடைக்குக் கைக்கு 20 கிலோவில் தொடங்கலாம். ஒரு நடை 30 மீட்டர், அதாவது ஏறக்குறைய அரை நிமிடம். ஒன்றரை நிமிட ஓய்வோடு நான்கு நடை. திங்கள்கிழமை ஸ்குவாட் முடிந்தபின் இந்த நான்கும். வெள்ளியன்று டெட்லிஃப்ட் முடிந்தபின் இரண்டு மட்டும், ஏனெனில் அன்று கை ஏற்கெனவே களைத்திருக்கும். டெட்லிஃப்டுக்கு முன்னால் ஒருபோதும் வேண்டாம். புதன்கிழமை புல்-அப் செய்கிறவராக இருந்தால் அதுவே கைக்குப் போதும்.

முதல் இரண்டு வாரம் இப்படியே போகட்டும். மூன்றாவது, நான்காவது வாரங்களில் எடையைத் தொடாமல் தூரத்தை 40 மீட்டராக்குங்கள். ஐந்தாவது வாரம் நடைகளைப் பாதியாக்கிக் கைக்கு மூச்சுவிட நேரம் கொடுங்கள். ஆறாவது வாரத்தில் 24 கிலோ, மீண்டும் 30 மீட்டர். எட்டாவது வாரத்துக்குள் அது 40 மீட்டராகட்டும். தசை சில வாரங்களில் வலுவாகிவிடும், நாண்களுக்கு மாதங்கள் ஆகும். அவசரப்படுகிறவர்களைப் பெரும்பாலும் இந்த இடைவெளிதான் பிடிக்கிறது.

நடையை எப்போது நிறுத்துவது? கெட்டில்பெல் தொடையில் இடிக்கத் தொடங்கினாலோ, அடிகள் குட்டையானாலோ, ஒரு தோள் காதை நோக்கி ஏறினாலோ கீழே வைத்துவிடுங்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் திறக்கத் தொடங்குவது கடைசி எச்சரிக்கை. எடை தானாக விழும்வரை காத்திருப்பது பயிற்சி அல்ல, பாதத்துக்கு ஆபத்து.

இந்த எட்டு வாரமும் 90 கிலோ வரையிலான டெட்லிஃப்டை வெறுங்கையால் எடுங்கள். 110 கிலோவுக்கு மட்டும் ஸ்ட்ராப் கட்டுங்கள். அப்போதுதான் கை தேறும்வரை முதுகு பின்தங்காமல் இருக்கும். ஒன்பதாவது வாரத்தில் 110 கிலோவை வெறுங்கையால் எடுத்துப் பார்த்து எழுதுங்கள்.

ஜனவரியில் டர்பனின் புழுக்கத்தில் கை வியர்த்து வழுக்குகிறது. கையுறை போடலாமா? — இசிப்பிங்கோ வாசகர்

வேண்டாம். கையுறை பிடியைத் தடிமனாக்குகிறது. தடிமனான பிடி வழுக்குவது இன்னும் சுலபம். துண்டால் கையையும் கைப்பிடியையும் துடைத்துவிட்டு, மக்னீசியம் கார்பனேட் பொடியைக் கொஞ்சமாகத் தடவிக்கொள்ளுங்கள். பொடியை அனுமதிக்காத ஜிம்களில் திரவ வடிவில் கிடைப்பது சரியாக இருக்கும்.

எனக்கு 52 வயது. ஜிம்முக்குப் போக வசதியில்லை. 2022 வெள்ளத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் குழாயில் தண்ணீர் வராமல் டேங்கர் லாரியில் பிடித்துச் சுமந்தோம். அப்போது வாங்கிய 25 லிட்டர் டிரம்கள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. அவற்றையே பயிற்சிக்கு வைத்துக்கொள்ளலாமா? இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். — தொங்காட் வாசகி

அந்த மாதங்களில் தொங்காட்டில் பலர் விரும்பாமலேயே சுமை நடை பழகிவிட்டார்கள், அம்மா. தோளும் இடுப்பும் பிடித்துக்கொண்டது ஏனென்றால் எல்லோரும் நிறைந்த டிரம்மை ஒரே கையில் தூக்கி, வழக்கமான பக்கத்திலேயே நடந்தார்கள்.

டிரம் நல்ல கருவி. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. எடையைக் கூட்டவும் குறைக்கவும் குழாயைத் திறந்தால் போதும். நீங்கள் கைக்கு 8 லிட்டரில் தொடங்குங்கள். ஆனால் பாதி நிறைந்த டிரம்மில் தண்ணீர் அலைமோதும், அந்த அசைவு மணிக்கட்டை இழுக்கும். அதனால் சிறிய கேன் கிடைத்தால் அதை முழுக்க நிரப்புவது மேல். 5 லிட்டர் கேன் இரண்டு இருந்தால் அதிலேயே தொடங்கலாம், அவசரமில்லை. மூடியை இறுக்குங்கள். டிரம்மின் மெல்லிய கைப்பிடி விரலை அறுக்கும், பழைய துணியை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது மட்டுமல்ல, தரையிலிருந்து தூக்கும்போதும் இடுப்பு பிடிக்கும். டிரம்களை இரண்டு செங்கல் உயரத்தில் வைத்து, இரண்டுக்கும் நடுவில் நின்று, முழங்காலை மடக்கித் தூக்குங்கள். முற்றத்தில் இருபது அடி போய், இருபது அடி வந்து, அதே செங்கல்மேல் வையுங்கள். மூன்று நடை, வாரம் இரண்டு நாள். மூன்று வாரம் சிரமமில்லாமல் போனால் கைக்கு ஒரு லிட்டர் கூட்டுங்கள்.

இரத்த அழுத்தம் பற்றி மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கையை இறுக மூடிப் பிடித்துக்கொண்டே இருப்பது அழுத்தத்தை ஏற்றும். மூச்சை அடக்கினால் இன்னும் ஏறும். நடக்கும்போது அடுத்த வீட்டுக்காரரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடியவில்லை என்றால் எடை அதிகம். தலை கனத்தாலும் கண் இருண்டாலும் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். அழுத்தம் கட்டுக்குள் வராத நாட்களில் தொடவே வேண்டாம்.

கைப்பிடியை அழுத்தும் ஸ்பிரிங் கிரிப்பர் ஒன்று வாங்கினேன். ஆறு வாரமாகத் தினமும் இரு கையிலும் நூறு முறை அழுத்துகிறேன். இப்போது வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்கிறது, கெட்டிலைத் தூக்கினால் சுருக்கென்கிறது. — ஃபீனிக்ஸ் வாசகர்

தினமும் நூறு என்பதே காரணமாக இருக்கலாம். விரல்களை மடக்கும்போது மணிக்கட்டு உள்ளே சாய்ந்துவிடாமல் பிடித்து நிறுத்துவது முன்கையின் மேல்பக்கத் தசைகள். அவை முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில் தொடங்குகின்றன. இறுக்கிப் பிடிக்கும்போதெல்லாம் அவையும் உழைக்கின்றன, ஆனால் யாரும் அவற்றைக் கணக்கில் எடுப்பதில்லை. டென்னிஸ் எல்போ என்கிறார்களே, பெரும்பாலும் இந்த இடம்தான். டென்னிஸ் மட்டையைத் தொடாதவர்களுக்கும் வரும். உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கக் கெட்டிலைத் தூக்கினால் வலி, மேல்நோக்கித் திருப்பித் தூக்கினால் வலி குறைவு என்றால் சந்தேகம் உறுதியாகிறது.

கிரிப்பரை அலமாரியில் வைத்துவிடுங்கள். முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்கி இருக்க, மணிக்கட்டை விளிம்புக்கு வெளியே நீட்டுங்கள். ஒரு கிலோ எடையை மற்றக் கையால் உயர்த்தி வைத்து, வலிக்கும் கையால் மூன்று நொடியில் மெதுவாக இறக்குங்கள். பதினைந்து முறை, மூன்று சுற்று, ஒன்றுவிட்டு ஒரு நாள். பத்துக்கு மூன்று என்ற அளவுக்குள் வலி இருந்தால் தொடரலாம். மறுநாள் காலை கூடியிருந்தால் எடையைக் குறையுங்கள். இது ஒரு வாரத்தில் ஆறுகிற சமாசாரம் அல்ல, மாதக்கணக்கில் ஆகலாம். சுண்டுவிரலும் மோதிர விரலும் மரத்துப்போனால் அது நரம்பு. அப்போது பயிற்சியாளர் வேண்டாம், மருத்துவரைப் பாருங்கள்.

என் கருத்தைக் கேட்டால், பொது உடற்பயிற்சிக்குக் கிரிப்பர் தேவையே இல்லை. அது மூடி அழுத்தும் பிடியை மட்டும்தான் பழக்குகிறது. வாழ்க்கையில் நமக்கு வேண்டியது பெரும்பாலும் தொங்கும் சுமையை விடாமல் வைத்திருக்கும் பிடி.

தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறேன். பிடிப் பயிற்சி உதவுமா? — மவுண்ட் எட்ஜ்கோம்ப் வாசகர்

கொஞ்சம்தான். காவடியின் பாரம் தோளில் இறங்குகிறது. கைகள் அதை அசையாமல் நிறுத்துகின்றன. தளர்வது விரல் அல்ல, உயர்த்தியே வைத்திருக்கும் தோள்பட்டையும் நடு உடம்பும். ஒரு கையில் மட்டும் சுமந்து, மறுபக்கம் சாயாமல் நிமிர்ந்து நடக்கும் நடை இதற்கு நன்றாகப் பொருந்தும். கைக்கு 12 கிலோவில் தொடங்கி, இருபது மீட்டர் வலம், இருபது மீட்டர் இடம், மூன்று முறை. உடம்பு எடையில்லாத பக்கம் சாய்ந்து ஈடுகட்டப் பார்க்கும். கண்ணாடி முன் நடந்தால் தெரியும், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் காவடியின் எடை தெரியாது என்றால் அதைத் தாங்கிக்கொண்டு குளியலறை எடைமேடையில் ஏறி, உங்கள் எடையைக் கழித்துவிடுங்கள். எண் தெரியாமல் எதற்குத் தயாராவது?

கடும் பயிற்சியை விரதம் தொடங்குமுன் முடித்துவிடுங்கள். விரத நாட்களில் எடையைக் கூட்டுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வெறும் நடை போதும். வெறுங்காலோடு கொஞ்சம் நடந்து பாதத்தைப் பழக்குங்கள், ஏனெனில் சூடான தாரில்தான் பலர் தடுமாறுகிறார்கள்.

காம்ரேட்ஸ் மராத்தானுக்குத் தயாராகிறேன். எனக்கும் இந்தச் சுமை நடை வேண்டுமா? — பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

வாரம் ஒருமுறை, மூன்று நடை, லேசான எடையில். மேலேறும் சாலையில் தோள் கூனாமல் இருக்க உதவலாம். நீண்ட ஓட்டத்துக்கு முந்தின நாள் வேண்டாம். கடைசி மூன்று வாரம் அதையும் விட்டுவிடுங்கள்.