டிசைனரின் பயோடேட்டாவில் பேட்டர்ன் வேலையை எங்கே தேடுவது?

"திருப்பூரில் குழந்தைகளுக்கான பின்னலாடைகளை ஏற்றுமதிக்குத் தைக்கும் சிறிய யூனிட் நடத்துகிறேன். பேட்டர்ன், சாம்பிளிங், புரொடக்‌ஷன் ஒருங்கிணைப்பு ஆகியவற்றுக்கு டிசைனர் தேவை என்று விளம்பரம் கொடுத்தேன். 4 வருட அனுபவமுள்ள ஒரு பெண்ணின் பயோடேட்டா வந்துள்ளது. 'ஆறு சீசன்களுக்கு கலெக்‌ஷன் வடிவமைத்தேன், கேட் மென்பொருள் தெரியும், சாம்பிளிங்கைக் கவனித்தேன், புரொடக்‌ஷன் குழுவுடன் ஒருங்கிணைந்து பணியாற்றினேன்' என்று எழுதியிருக்கிறார். நேர்காணலுக்கு அழைக்கலாமா?"

அழைக்கலாம். ஆனால் அதற்கு முன் தொலைபேசியில் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: அவர் கையாண்ட ஒரு ஸ்டைல் எந்தச் சாம்பிள் வரை அவரிடம் இருந்தது? நீங்கள் எடுத்துக்காட்டிய நான்கு வரிகளில் 'வடிவமைத்தேன்' என்பது மட்டுமே அவர் செய்த வேலையைச் சொல்கிறது. 'கவனித்தேன்' என்பது சாம்பிள் அறைக்கு நடந்துபோய் விசாரித்ததையும் குறிக்கலாம், பேட்டர்னைத் தானே திருத்தியதையும் குறிக்கலாம்.

ஒரு ஸ்டைலுக்கு முதலில் வடிவமைப்பைத் தைத்துப் பார்க்கும் புரோட்டோ, பிறகு பொருத்தம் பார்க்கும் ஃபிட், எல்லா அளவுகளிலும் தைக்கும் சைஸ் செட், கடைசியாகக் கட்டிங்குக்கு முந்தைய பிபி சாம்பிள் என்று வேலை நகரும். பெயர்களும் வரிசையும் பையருக்குப் பையர் சற்று மாறும். வடிவமைப்பில் மட்டும் இருந்தவர்களின் அனுபவம் பெரும்பாலும் புரோட்டோவோடு நின்றுவிடும்; சைஸ் செட்டைக் கடந்து வந்தவர், ஓர் அளவின் பேட்டர்னை மற்ற அளவுகளுக்கு மாற்றும் கிரேடிங்கின் சிக்கல்களைக் கேட்காமலேயே பேசத் தொடங்குவார்.

உங்களுடையது குழந்தைகள் ஆடை என்பதால் இதற்கு நல்ல சோதனை ஒன்று உண்டு. 4 வயது அளவில் சரியாக வந்த வட்டக் கழுத்து டி-ஷர்ட்டை 12 மாத அளவுக்குக் குறைத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். கைக்குழந்தைக்கு உடலோடு ஒப்பிடும்போது தலை பெரியது. மார்பளவு குறையும் விகிதத்திலேயே கழுத்தையும் குறைத்தால், ரிப்பை முழுவதுமாக இழுத்தாலும் ஆடை தலையில் நுழையாது. அதனால்தான் சிறிய அளவுகளில் தோளில் பிரஸ் பட்டன் வைக்கிறோம், அல்லது தோள்பட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து விரியும்படி அமைக்கிறோம். பேட்டர்னில் கைவைத்தவருக்கு இது உடனே நினைவுக்கு வரும். மென்பொருளைப் பயிற்சி வகுப்பில் மட்டும் கற்றவர், கிரேடிங் கட்டளை எங்கே இருக்கிறது என்பதையே விளக்கிக்கொண்டிருப்பார்.

நேர்காணலன்று அரைநாள் வேலை கொடுத்துப் பாருங்கள். அதற்கு ஊதியமும் கொடுத்துவிடுங்கள். ஒரு ஸ்பெக் ஷீட்டில் துவைத்த பின் உடல் நீளம் 60 செ.மீ., அரை மார்பளவு 40 செ.மீ. என்று எழுதிக் கொடுத்து, முன்பக்கப் பேட்டர்ன் வரையச் சொல்லுங்கள். துணியின் சுருக்கத்தைப் பற்றி நீங்களாக எதுவும் சொல்லாதீர்கள். வரையத் தொடங்கும் முன் அவர் அதைக் கேட்கிறாரா என்பதுதான் தேர்வின் பாதி. கேட்ட பிறகு நீளத்தில் 6 சதவீதம், அகலத்தில் 4 சதவீதம் என்று சொல்லுங்கள். 60-ஐ 0.94-ஆல் வகுத்து நீளம் சுமார் 63.8 செ.மீ. என்றும், 40-ஐ 0.96-ஆல் வகுத்து அகலம் சுமார் 41.7 செ.மீ. என்றும் எடுத்து, அதற்கு மேல் தையல் விளிம்பும் அடிமடிப்பும் சேர்க்க வேண்டும். 60-உடன் 6 சதவீதத்தைக் கூட்டி 63.6 என்று சொன்னாலும் நான் குறை சொல்ல மாட்டேன். வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தான். சுருக்கத்தையே மறந்து வெட்டினால் துவைத்ததும் நீளம் 56.4 செ.மீ. ஆகிவிடும், அதை எந்தப் பையரும் ஏற்கமாட்டார்.

புரொடக்‌ஷன் ஒருங்கிணைப்பையும் இதே இடத்திலிருந்து சோதிக்கலாம். சாம்பிளுக்கு வந்த துணியின் சுருக்கமும் மொத்த உற்பத்திக்கு வரும் பல்க் துணியின் சுருக்கமும் சாயமேற்றியதிலும், சுருக்கத்தைக் குறைக்கத் துணியை அழுத்தும் காம்பாக்டிங்கிலும் ஏற்படும் மாற்றத்தால் வேறுபடுவது வழக்கம். ஆகவே, பல்க் துணியின் சுருக்க அறிக்கையை அவரிடம் யார் கொடுத்தார்கள், அதைப் பார்த்து எந்த ஸ்டைலின் பேட்டர்னை மாற்றினார், கட்டிங்குக்கு அனுமதி தந்தவர் யார் என்று கேளுங்கள். ஒரு ஸ்டைலின் கதையைத் துணி வந்த நாள் முதல் கட்டிங் வரை சொல்லத் தெரிந்தவர் உண்மையிலேயே அந்த வேலையில் இருந்திருக்கிறார். 'தினமும் மின்னஞ்சலில் நிலவரம் கேட்பேன்' என்பதோடு நிறுத்துபவர் தகவலைக் கடத்தியவர்தான்.

சான்றாக ஓவியங்களைவிட, அவரே எழுதிய அளவு அட்டவணையோ திருத்திய பேட்டர்னோ கொண்டுவரச் சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் பையர் பெயரோடு, ஆடையின் முழு விவரக் கோப்பான டெக் பேக்கை அப்படியே காட்டினால் சற்று யோசியுங்கள். நாளை உங்களுடையதும் வெளியே போகும்.

பேட்டர்ன், சாம்பிளிங், ஒருங்கிணைப்பு மூன்றிலும் ஒரே அளவு தேர்ச்சியை எதிர்பார்க்க வேண்டாம். சாம்பிளிங்கில் ஊறிப்போனவர் ஒருங்கிணைப்பை ஒரு சீசனில் பழகிக்கொள்வார். பேட்டர்ன் அப்படி வராது. உங்களிடம் ஏற்கெனவே பேட்டர்ன் மாஸ்டர் இருந்தால், இந்தப் பெண் பேட்டர்னைப் படித்துப் பிழை சொல்லும் அளவுக்கு இருந்தாலே எடுத்துக்கொள்ளலாம். மாஸ்டர் இல்லாமல் இவரையே நம்பி இருக்கப் போகிறீர்கள் என்றால், கழுத்துக் கேள்வியிலும் சுருக்கக் கணக்கிலும் தடுமாறுபவரை, கலெக்‌ஷன் எவ்வளவு அழகாக இருந்தாலும், எடுக்காதீர்கள்.