சீசன் முடிந்ததும் சந்தாவை நிறுத்துவது: கேள்வி பதில்

ஓடிடி தளத்தில் ஒரு தொடரின் எட்டுப் பகுதிகள் கொண்ட சீசன் வாரம் ஒன்றாக வருகிறது. முதல் நாளே சந்தா கட்டுவதா, முடியும்வரை காத்திருப்பதா?

இரண்டும் வேண்டியதில்லை. முதல் பகுதி வரும் நாளை 1 என்று கொண்டால், எட்டாவது பகுதி 50-ஆம் நாளில் வரும். ஆகவே முதல் நாளே கட்டுபவர் இரண்டு மாதச் சந்தா செலுத்த நேரும். ஐந்தாவது பகுதி வரும் 29-ஆம் நாளில் கட்டினால், முதல் நான்கையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, மீதியை வாராவாரம் பார்த்து, ஒரே மாதத்தில் முடித்துவிடலாம். கடைசிப் பகுதிக்குப் பிறகும் ஒரு வாரம் கையிருப்பில் இருக்கும். நான்காவது பகுதியிலேயே கட்டினாலும் கணக்கு ஒத்துவரும், ஆனால் ஒரு வாரம் வெளியீடு தள்ளிப்போனால் அடுத்த மாதப் பணமும் போய்விடும். சீசனை இரண்டு பாகமாகப் பிரித்து மாதக்கணக்கில் இடைவெளி விட்டால், இரண்டாம் பாகம் வரும்வரை பொறுத்திருப்பதே நல்லது.

கட்டிய அன்றே ரத்து செய்தால் பணம் வீண்தானே? அதனால் நான் கடைசி நாள்வரை காத்திருக்கிறேன்.

மாதச் சந்தாவில் பெரும்பாலும் வீணாகாது. கட்டிய காலம் முடியும்வரை பார்க்க விடுவார்கள். அன்றே ரத்து செய்வதைத்தான் நான் பரிந்துரைப்பேன், ஏனெனில் கடைசி நாள் மறந்துபோகும். உங்கள் அச்சத்திற்கு இடமுள்ள ஒன்று, ஆப்பிள் தன் சொந்தச் சேவைகளுக்குத் தரும் இலவசச் சோதனைக் காலம்: ரத்து செய்த உடனேயே அது முடிந்துவிடும். எனவே ரத்து செய்தபின் திரையில் காட்டும் முடிவுத் தேதியைப் படித்துவிடுங்கள்.

செயலியையே நீக்கிவிட்டேன், இன்னும் பணம் பிடிக்கிறார்கள். இது மோசடி அல்லவா?

அல்ல. செயலியை நீக்குவது சந்தாவை நிறுத்தாது. பணம் யார் வழியாகப் போகிறதோ அங்கேதான் ரத்து செய்ய வேண்டும்: ஆப் ஸ்டோர், கூகுள் பிளே, தொலைபேசி நிறுவனம், அல்லது அந்தத் தளமே. வங்கிக் கணக்கு விவரத்தில் உள்ள பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆப் ஸ்டோர் வழியென்றால் புதுப்பிக்கும் நேரத்திற்கு 24 மணிநேரம் முன்னரே செய்துவிடுங்கள். முந்தைய இரவு ரத்து செய்து ஒரு மாதப் பணத்தை இழந்தவன் நான்.

விலகிய பிறகும் நெட்ஃபிளிக்ஸ் நாம் பார்த்த விவரங்களைச் சில மாதம் வைத்திருக்கும் என்பது தெரியும். ஆனால் நான் பழைய, மலிவான திட்டத்தில் இருக்கிறேன். விலகலாமா?

விலகும் முன் யோசியுங்கள். விளம்பரமில்லாத அடிப்படைத் திட்டத்தை அவர்கள் 2023-இல் சில நாடுகளில் புதியவர்களுக்கும் திரும்பி வருபவர்களுக்கும் மூடினார்கள். உங்கள் திட்டம் இன்றைய பட்டியலில் இல்லையென்றால் அது திரும்பக் கிடைக்காது என்றே கொள்ளுங்கள். ஆண்டில் எத்தனை மாதம் விலகியிருப்பீர்கள் என்பதைப் பொறுத்தே இலாபமா நட்டமா என்று தெரியும்.

என் அம்மா தினமும் ஒரே தளத்தில்தான் பார்க்கிறார். அதையும் இப்படிக் கட்டிக்கட்டி நிறுத்த வேண்டுமா?

வேண்டாம். அவர் பார்ப்பது சீசன் அல்ல, முடிவில்லாத் தொடர். அந்தச் சந்தாவை அப்படியே விட்டுவிட்டு, மற்றத் தளங்களை மட்டும் தேவைப்படும்போது கட்டி நிறுத்துங்கள். அந்தத் தளத்திற்கு ஆண்டுச் சந்தா இலாபமா என்பது, அடுத்த ஆண்டும் அவர் அங்கேயே பார்ப்பாரா என்பதில் இருக்கிறது. அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.