ஆண்டு விடுப்போடு சம்பளமில்லா விடுப்பு: எவ்வளவு பிடிப்பார்கள்?

"கடலூர் சிப்காட்டில் வேலை. தங்கை கல்யாணத்துக்கு ஆண்டு விடுப்பு போக இன்னும் 6 நாள் சம்பளமில்லாமல் கேட்கலாமா? எவ்வளவு போகும்?"

கேட்கலாம். ஆனால் நடுவில் ஞாயிறு வந்தால் சம்பளச் சீட்டில் அது 7 நாளாகலாம். ஞாயிறையும் சேர்த்துப் பிடிப்பார்களா, ஒருநாள் சம்பளத்துக்கு 30-ஆல் வகுப்பார்களா, மாதத்து ஞாயிறுகளைக் கழித்து 26-ஆலா என்று ஹெச்.ஆரிடம் முதலில் கேளுங்கள்.

சம்பளம் 30,000 என்று வைப்போம். 30-ஆல் வகுத்து ஞாயிறையும் சேர்த்தால் 7,000 போகும். 26-ஆல் வகுத்து ஞாயிறை விட்டால் சுமார் 6,923, பெரிய வித்தியாசமில்லை. 26-ஆல் வகுத்து ஞாயிறையும் சேர்த்தால்தான் அடி: சுமார் 8,077. (இப்படிப் பிடித்தால் தாராளமாகச் சண்டை போடலாம்.)

கடிதத்தில் ஆண்டு விடுப்புத் தேதிகளையும் சம்பளமில்லாத தேதிகளையும் தனித்தனியாக எழுதி, ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள். மேலாளர் வாயால் சொன்ன "சரி" மட்டும் இருந்தால், அந்த நாட்கள் அனுமதியில்லாத ஆப்சென்ட் ஆகிவிடக்கூடும்.